பாதி முட்டை

அன்புள்ள ஐயா,

என் பள்ளி நண்பனுக்கு தை மாதம் கல்யாணம். தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க அவன் அக்கா ஒரு சின்ன மலர் தயாரிக்கிறார்கள். அதில் சின்ன வயது நண்பன் என்ற முறையில் எனக்கு ஒரு பக்கம். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்ச். ஆனால் எழுத உட்கார்ந்தால் நடத்தைச் சான்றிதழ் மாதிரி வருகிறது. அவன் மாமா வேறு, "மாப்பிள்ளையைப் போய் அவன் இவன்னு எழுதுவியா?" என்கிறார். எழுதியதை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கே., துறையூர்

அன்புள்ள கே.,

நீங்கள் அனுப்பியதில் முதல் பன்னிரண்டு வரிகளை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். "பழகுவதற்கு இனிமையானவன், நட்புக்கு இலக்கணமானவன், உதவி என்று வந்தால் முதல் ஆளாக நிற்பவன்." இதையே மாப்பிள்ளையின் அலுவலக நண்பரும் எழுதுவார், சித்தப்பாவும் எழுதுவார். மண்டப வாசலில் கட்டியிருக்கும் பிளெக்ஸிலும் இருக்கும். உங்களுக்கு மட்டும் தெரிந்தது பதின்மூன்றாவது வரியில்தான் வருகிறது: "சத்துணவில் கிடைக்கும் முட்டையைத் தான் சாப்பிடாமல், ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து அப்பாயிக்குக் கொண்டுபோவான்." அந்த ஒரு வரியோடு நகர்ந்துவிட்டு, மறுபடியும் 'பண்பின் சிகரம்' என்று கிளம்பிவிட்டீர்கள்.

அந்த வரியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் பழைய தகர ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று கிடக்கிறது. ஒரு முட்டையை அவித்து உரித்து உள்ளே வைத்துப் பார்த்தேன். மூடி மூடவில்லை, பாதிகூட இறங்கவில்லை. அதைத்தான் போன வாரம் உங்களிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு நீங்கள் எழுதிய பதிலை அப்படியே இங்கே போடுகிறேன்: "சாரி சார், இப்பத்தான் ஞாபகம் வருது. ஸ்கேலால ரெண்டா வெட்டுவான். ஒரு பாதியை அங்கேயே தின்னுடுவான். இன்னொரு பாதியைக் கவுத்து வெச்சு, மூடி சரியா மூடாதுன்னு ரப்பர் பேண்ட் போடுவான். அவன் காம்பஸ், டிவைடர் எல்லாம் என் பாக்ஸ்லதான் இருக்கும்."

இதுதான் உங்கள் பக்கம். முழு முட்டையையும் கொண்டுபோகிற பையன் பாடப்புத்தகத்தில் வருகிறவன். வாரத்தில் எல்லா நாளும் முட்டை போடாத காலம் அது. பன்னிரண்டு வயதில் பசிக்காமலா இருக்கும்? பாதியைத் தின்றுவிட்டு மீதியை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனவன்தான் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். நினைவு எப்போதும் நம் ஆளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். அதனால் எழுதுவதற்கு முன்னால் பொருளின் அளவு, இடம், கூட இருந்தவர் யார் என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தட்டும்போது உதிர்வது பெரும்பாலும் நாம் பின்னால் ஒட்டவைத்ததாகத்தான் இருக்கும்.

ஒருவனைச் சின்னப் பையனாக நினைத்துச் சொல்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, 51-ஆவது. ஒரு பெண் தன் தோழியிடம் ஒருவனைப் பற்றிப் பேச்செடுக்கிறாள். எப்படி ஆரம்பிக்கிறாள் தெரியுமா? தெருவில் நாம் கட்டின மணல்வீட்டைக் காலால் கலைத்தான், கூந்தலில் இருந்த மாலையை அறுத்தான், வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், அந்தப் பட்டிப்பயல். மூன்றே மூன்று செய்கை. அவனைப் புகழ்ந்து ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் அவனை அம்மாவிடமிருந்து அவள் காப்பாற்றும்போது, அவள் மனசு என்ன என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. உங்களுக்கும் செய்கை இருக்கிறது: வெட்டியது, தின்றது, கவிழ்த்தது, ரப்பர் பேண்ட் போட்டது. போதும்.

இப்போது மாமாவின் கேள்வி. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெண் வீட்டார் கையில் போகிற அச்சு அது. ஆனால் தமிழில் இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. 'அவன்', 'அவர்' இரண்டையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதினாலும் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும், 'வெட்டினான்' அல்லது 'வெட்டினார்' என்று. "ஏழாம் வகுப்பில் அவர் முட்டையை இரண்டாக வெட்டினார்" என்று எழுதிப் படித்துப் பாருங்கள். தலைமை ஆசிரியர் சாப்பிடுவது போல இருக்கிறது. நான் சொல்வது இது: தலைப்பில் பெயர், பத்திரிகையில் அடித்தபடி பட்டத்தோடு முழுசாக இருக்கட்டும். பையனாக இருக்கும் இடம் முழுக்க 'அவன்'. கல்யாணம் பற்றி ஒரு வரி வருமானால் அதில் மணமக்கள் இருவரும் பன்மையில் வந்துவிடுவார்கள், சிக்கல் இல்லை. மாமா அப்போதும் சமாதானம் ஆகவில்லை என்றால், முருகனையே நாம் 'அவன்' என்றுதானே சொல்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்கிறது, அதை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பையன் சத்துணவு சாப்பிட்டுப் படித்தான், வீட்டில் அப்பாயிக்கு முட்டை ஒரு விசேஷமாக இருந்தது என்று இந்தப் பக்கம் சொல்கிறது. உங்களுக்கும் எனக்கும் அதில் ஒன்றுமில்லை. ஆனால் முந்நூறு, நானூறு பேர் கையில் போகும்போது அவன் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். மலர் தயாரிக்கும் அக்காவிடம் முதலில் காட்டுங்கள், பிறகு அவனிடம். கல்யாணத்தன்று ஆச்சரியப்படுத்தலாம் என்று ஒளித்துவைக்க வேண்டாம். இது மேடையில் சொல்லிச் சிரித்துவிட்டு மறப்பது இல்லை, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் முப்பது வருஷம் கிடக்கப் போவது. அம்மா முகம் சுளித்தால் முட்டையை விட்டுவிட்டு வேறு ஒன்று எடுங்கள். 'சத்துணவு' என்பதை மட்டும் எடுத்துவிட்டு 'மதியச் சாப்பாட்டு முட்டை' என்று பூசி மெழுக வேண்டாம். அப்படிச் செய்தால் பாதி முட்டைக்கு அர்த்தமே போய்விடும்.

பட்டப்பெயர் ஒன்று எழுதியிருந்தீர்கள். நிறத்தை வைத்து வந்த பெயர் அது, எடுத்துவிட்டேன். டியூஷன் பெண் பற்றிய வரியையும்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அளவு. அக்கா சொன்னபடி டெமி 1/8, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஓரம் விட்டு, பன்னிரண்டு பாயின்டில், படிக்கிற மாதிரி இடைவெளி வைத்தால் இருபத்தெட்டு வரிக்கு மேல் போகாது. வரிக்கு ஆறு வார்த்தை என்றால் நூற்றெழுபது. நீங்கள் அனுப்பியது நானூறு. அப்படியே கொடுத்தால் அச்சகத்தில் எழுத்தைச் சின்னதாக்கி அடைத்துவிடுவார்கள். மண்டபத்துக்கு வரும் பெரியவர்கள் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். அடுத்த பக்கத்துக்கு வழியவிடவும் முடியாது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். உங்களுக்காக ஒரு பக்கம் கூட்டினால் இன்னும் மூன்று பக்கத்துக்கு அவர்கள் ஆள் தேட வேண்டும்.

வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து உங்கள் இருவர் முகத்தையும் வெட்டிப் பெரிதாக்கிப் போடும் யோசனை வேண்டாம். ஐம்பது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் சுண்டுவிரல் நகம் அளவுதான். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக வரும். நீங்கள் நிற்கும் வரிசையை மட்டும் நீளவாக்கில் வெட்டி, பக்கத்தின் அடியில் ஒரு பட்டையாகப் போடச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுக்காமல் கடையில் ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பட்டைக்கு ஆறு வரி போனால் உங்களுக்கு மிஞ்சுவது நூற்று முப்பது வார்த்தைக்குள்.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் ஒன்று எழுதிப் பார்த்தேன். உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஏழாம் வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸை மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உள்ளே இரண்டு காம்பஸ், இரண்டு டிவைடர். ஒன்று என்னுடையது, ஒன்று அவனுடையது. அவன் பாக்ஸில் அதற்கெல்லாம் இடம் இல்லை. சத்துணவு முட்டையை ஸ்கேலால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உடனே தின்றுவிட்டு, இன்னொரு பாதியை அதில் கவிழ்த்து வைத்திருப்பான். மேலே ரப்பர் பேண்ட். சாயங்காலம் அது அப்பாயிக்கு. ஒருநாள் கணக்கு சார் காம்பஸ் கேட்டு அவன் பாக்ஸைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடி, ரப்பர் பேண்டை அவரே மாட்டிக் கொடுத்துவிட்டு, என் பாக்ஸை நீட்டச் சொன்னார். பெரிய பாதி எது, சின்ன பாதி எது என்று அவன் அளந்து பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் வெட்டும்போது ஸ்கேலைச் சரியாக நடுவில்தான் வைப்பான்."

எண்பத்து இரண்டு வார்த்தை. இன்னும் நாற்பதுக்கு மேல் இடம் இருக்கிறது, நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. வாழ்த்து சொல்லத் தோன்றினால் கடைசியில் ஒரு வரி. கணக்கு சார் விஷயம் நீங்கள் அனுப்பியதில் "ஆசிரியர் சிரித்தார்" என்று இருந்தது. கேட்டபோது, சிரித்தாரா என்று ஞாபகம் இல்லை, ரப்பர் பேண்ட் மாட்டினது ஞாபகம் இருக்கிறது என்றீர்கள். ஞாபகம் இருப்பதை மட்டும் வைத்தேன்.

அச்சகத்தில் இன்னும் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள் என்றால், நீங்கள் செல்போனில் அடித்து அனுப்புவதை மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவது உண்டு, 'கொ', 'போ' போன்ற எழுத்துகளில் முக்கியமாக. பி.டி.எஃப். கேட்டு வாங்கி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மணமக்கள் பெயரை மட்டும் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த அப்பாயி இருக்கிறார்களா? இருந்தால், அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முட்டையில் பென்சில் வாசனை அடித்ததா என்றும் கேளுங்கள்.