எட்டு சிட்டிங்கில் நிற்குமா?

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் அம்மாப்பேட்டையில் ஆறு வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். தலைச்சருமத்துக்கும் முடி கொட்டுவதற்கும் தனியாக ஒரு சர்வீஸ் தொடங்கப் போகிறேன். மெஷின் விற்றவர் “எட்டு சிட்டிங்கில் முடி கொட்டுவது நிற்கும்” என்று போர்டு வைக்கச் சொல்கிறார். பிரசவமாகி நாலு மாதமான ஒரு பெண் முதல் ஆளாகக் கேட்டிருக்கிறாள். கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். அவளிடம் என்ன சொல்வது? யாரை டாக்டரிடம் அனுப்புவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கர்ப்ப காலத்தில், வழக்கமாக உதிரும் முடியில் பெரும்பகுதி உதிராமல் தலையிலேயே தங்கிவிடும். பிரசவத்துக்குப் பின் அவை ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகவே கொட்டும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே கணக்கில்தான். வேர் கெட்டுப்போவதில்லை. பெரும்பாலான தாய்மாருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் இது தானாகச் சரியாகிவிடும்.

இதன் மேல் உங்கள் எட்டு சிட்டிங்கை வைத்துப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். அதற்குள் அவளுக்கு எப்படியும் குறைய ஆரம்பித்திருக்கும், பெயர் மெஷினுக்குப் போகும். அவள் பேச்சை நம்பி நாத்தனார் வருவாள். நாத்தனாருக்கு இருப்பது தைராய்டு கோளாறு என்றால் எட்டு முடிந்தும் நிற்காது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியது நான்கு மாதம் தள்ளிப்போயிருக்கும். இந்த போர்டு வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வழுக்கையைக் குணமாக்கும் என்று மருந்துகூட உரிமை கோரக் கூடாது என்பது 1945 மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் இருக்கிறது. பார்லருக்கு அந்த வாக்குறுதி எதற்கு?

உங்கள் கையால் நிச்சயம் ஆகக்கூடியதைச் சொல்லுங்கள். தலைச்சருமம் சுத்தமாகும், லேசான பொடுகின் செதில் குறையும், முடி பாதியில் அறுந்துபோவது குறையும். இதில் கடைசியாகச் சொன்னது நம் ஊரில் சின்ன விஷயமில்லை. உப்புத்தண்ணீர் போர்வெல்லில் குளிக்கும் தலை சொரசொரப்பாகிச் சிக்கு விழும், சீப்பில் அறுபடும். அதையும் ‘கொட்டுகிறது’ என்றே சொல்வார்கள். சீப்பில் வந்த முடியை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் அறுந்தது. அறுந்ததற்கு உங்களிடம் வேலை இருக்கிறது, உதிர்ந்ததற்குக் காரணம் உள்ளே எங்கோ இருக்கலாம்.

முதல் தடவை வருபவரை முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். வகிடு, உச்சி, நெற்றியோரம் மூன்றையும் ஒரே வெளிச்சத்தில், அவர் சம்மதத்தோடு போட்டோ எடுங்கள். பிறகு ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஒன்றிரண்டு வருவது சகஜம். தலையின் பல இடங்களிலும் ஆறு, ஏழு என்று வந்தால் உதிர்வு இன்னும் நடக்கிறது. அன்றே குளித்திருந்தால் குறைவாகவும், ஒரு வாரம் குளிக்காமல் இருந்தால் அதிகமாகவும் காட்டி ஏமாற்றும். கடந்த ஆறு மாதத்தில் காய்ச்சல், ஆபரேஷன், திடீர் டயட், புது மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலரை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் வேலையைத் தொடங்காதீர்கள். காசு அளவில் வழவழவென்று சொட்டை விழுந்திருந்தால், புருவமும் சேர்ந்து கொட்டினால், சீழோ வலியோ இருந்தால், டாக்டர்தான் பார்க்க வேண்டும். மயிர்க்கால் துளையே தெரியாமல் தோல் மின்னினால் இன்னும் அவசரம், அங்கே போன முடி திரும்பாது. குழந்தையின் தலையில் செதிலோடு கருப்புப் புள்ளிபோல் முடி ஒடிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஒட்டிக்கொள்ளும். அந்தச் சீப்பை இன்னொருவருக்குப் போடாதீர்கள். வகிடு வருடக்கணக்கில் அகலமாகிக்கொண்டே வருபவரையும், மாதவிலக்கு தவறி முகத்தில் முடி வளர்பவரையும் அனுப்பிவிடுங்கள். தனியாரிடம் போக வசதியில்லாதவருக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அனுப்புவதற்குக் கமிஷன் வாங்காதீர்கள், வாங்கினால் யாரை அனுப்புவது என்பதில் உங்கள் கண்ணே மாறிவிடும்.

மினாக்சிடில் மருந்து. எண்ணெயில் கலந்து கொடுக்கவே கூடாது, பால் கொடுக்கும் தாய்க்குக் கட்டாயம் கூடாது. ஊசி போடும் சிகிச்சைகளும் உங்கள் வேலையில்லை.

அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள்: “இது பிரசவத்துக்கு அப்புறம் வர்றதும்மா, பெரும்பாலும் தானா நிக்கும். நான் நிறுத்தறேன்னு சொல்ல மாட்டேன். தலையைச் சுத்தம் பண்ணி, சிக்கு விழாம பாத்துக்கலாம். இறுக்கிப் பின்னாதீங்க. ரொம்ப அசதியா, மூச்சு வாங்கற மாதிரி இருந்தா இப்பவே டாக்டர்கிட்ட ரத்தம், தைராய்டு பாத்துடுங்க. குழந்தைக்கு ஒரு வயசு ஆகியும் நிக்கலைன்னாலும் போங்க.” பேக்கேஜ் போடாமல் வரும் ஒவ்வொரு தடவைக்கும் மட்டும் காசு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் போட்டோ எடுக்கும்போது நெற்றியோரத்தில் குட்டை முடி முளைத்திருந்தால், அது அவள் உடம்பு செய்தது என்றே சொல்லிவிடுங்கள்.