ஓவனில் விலா எலும்பு: கேள்வி பதில்

பன்றி இறைச்சி 63 டிகிரி வந்தால் வெந்தாச்சு என்கிறார்கள். நான் 65 வரை விட்டேன், ரப்பர் மாதிரி இருந்தது.

63 என்பது சாப்பிடப் பாதுகாப்பான அளவு. விலாவில் சதையோடு நார்ப்பசை நிறைய பின்னிக் கிடக்கிறது. அது 70 டிகிரிக்கு மேல்தான் மெதுவாக இளக ஆரம்பிக்கும். உள்ளே 90 முதல் 95 வரை போனால்தான் பஞ்சாகும்.

ஒன்றரை கிலோ பன்றி விலாவுக்குப் பதினைந்து கிராம் உப்பு தடவி, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஃபாயிலில் காற்றுப் போகாமல் சுற்றி, 135 டிகிரியில் இரண்டரை மணி நேரம். பிறகு பிரித்து, சாஸ் தடவி, திறந்தபடி அரை மணி முதல் முக்கால் மணி. சாஸை முதலிலேயே தடவினால் அதிலுள்ள சர்க்கரை கருகிக் கசக்கும்.

வெப்பமானி இல்லை. எலும்பு நுனி வெளியே தெரிந்தால் போதும்தானே?

பாதி சரி. சதை சுருங்கி ஒரு சென்டிமீட்டர் எலும்பு தெரிவது நல்ல அறிகுறிதான். ஆனால் சூடு அதிகமானாலும் சதை சுருங்கும், உள்ளே முறுக்காகவே இருக்கும். பல்குச்சியை இரண்டு எலும்புக்கு நடுவே குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். இன்னொன்று, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் வளைந்து மேல்பரப்பு லேசாக வெடிக்கும். அப்போது எடுத்துவிடலாம்.

எனக்கு மாட்டு விலா. நாலு மணி நேரம் வைத்தும் கடினம். அதிகம் வெந்துவிட்டதோ?

இல்லை, இன்னும் வேகவில்லை. அதிகம் வெந்தால் இழை இழையாக உதிரும், உங்களுடையது இழுக்க வரவில்லை என்றால் பற்றவில்லை என்று அர்த்தம். ஐந்து சென்டிமீட்டர் கனத் துண்டுக்கு 135 டிகிரியில், மூடியபடி, நாலரை மணி கூட ஆகும். ஃபாயிலில் ஓட்டை இருந்ததா பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது இறைச்சி குளிர்ந்து, 70 டிகிரி பக்கமே வெகுநேரம் நின்றுவிடும். அரை கப் வெந்நீர் விட்டு, புது ஃபாயிலால் இறுக்க மூடி, இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். சின்ன ஓவன்களின் திருகு காட்டும் சூடும் உள்ளிருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கச் சவ்வை நான் உரிப்பதே இல்லை. ஒன்றும் ஆகவில்லையே?

ஃபாயிலில் வெந்தால் ஓரளவு மென்மையாகிவிடும், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கடைசியில் திறந்து வைக்கும்போது அது தோல் மாதிரி இறுகும் என்பதால் உரிப்பதே என் பழக்கம். கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பி, டிஷ்யூ பேப்பரால் பிடித்து இழுத்தால் ஒரே உரியாக வரும். அது இருந்தால் துண்டு உதிராமல் நிற்கும் என்று விட்டுவைப்பவர்களும் உண்டு. அப்படியானால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள்.