திருப்பிய பலகைக்கு எந்த விலை?

"பலகை பட்டியல் விலை 10,000 வெள்ளி, வணிகக் கழிவு 10%, ரொக்கக் கழிவு 2%. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு லாரிக் கூலி 300. பட்டியல் விலையில் 1,000 வெள்ளிக்குத் திருப்பிவிட்டோம். வாங்கிய பலகையின் அடக்க விலை எனக்கு 8,140 வருகிறது, விடையில் 8,400. எங்கே தப்பு?"

திருப்பியதில்தான் முதல் சறுக்கல். அந்தப் பலகை உங்கள் ஏட்டில் ஏறியதே 900 வெள்ளிக்கு. 1,000 எப்படிக் கழியும்? வணிகக் கழிவு போக 9,000, அதில் 900 போனால் 8,100. லாரிக் கூலி 300 சேர்த்தால் 8,400. சரக்கைத் திருப்பினாலும் லாரிக்காரர் கூலியைத் திருப்பமாட்டார், அதனால் அது முழுசாக நிற்கும்.

அப்புறம் 8,000-க்கு 2% என்று நீங்கள் கழித்த அந்த 160. ரொக்கக் கழிவு சீக்கிரம் பணம் கட்டியதற்குக் கிடைப்பது, எஸ்.பி.எம். கணக்கியலில் அது இலாப நட்டக் கணக்கில் வருமானம். தொகையும் 8,100-க்கு 2%, அதாவது 162. நிறுவனக் கணக்கறிக்கைத் தரத்தில் மட்டும் அதையும் சரக்கு விலையில் கழிப்பார்கள்.