620 பயோடேட்டா, மூன்று அட்டைப்பெட்டி

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் தனியார் மருத்துவமனையில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். 40 ஸ்டாஃப் நர்ஸ் எடுக்க வேண்டும். விளம்பரம் கொடுத்த பத்து நாளில் 620 பயோடேட்டா வந்துவிட்டது. பார்ப்பதற்கு நானும் ஒரு கிளார்க்கும்தான். எல்லாமே ஒன்றுபோல இருக்கிறது. தகுதியான யாரையும் தள்ளிவிடாமல் ஒரு வாரத்துக்குள் பிரிப்பது எப்படி?

பதில்: பயோடேட்டாவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். நான் பார்த்தவரை, வேலை உத்தரவு வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கடைசியில் சேர்வதில்லை. வெளிநாடு, கல்யாணம், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று ஏதாவது காரணம் இருக்கும். ஆகவே 40 பேர் சேர வேண்டுமென்றால் 60 பேருக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். இன்டர்வியூவில் பாதிப்பேர் தேறினால் 120 பேரைப் பார்க்க வேண்டும். கூப்பிடுகிறவர்களில் ஐந்துக்கு மூன்று பேர்தான் வருவார்கள் என்று வைத்தால், போன் செய்ய வேண்டியது 200 பேருக்கு. நீங்கள் முதலில் பிரித்தெடுக்க வேண்டியது இந்த 200 பேரைத்தான், அதாவது வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இப்போது மூன்று அட்டைப்பெட்டி எடுங்கள். முதல் பெட்டி, உடனே கூப்பிட வேண்டியவர்களுக்கு. இரண்டாவது, காத்திருப்பவர்களுக்கு. மூன்றாவது, இந்த வேலைக்குப் பொருந்தாதவர்களுக்கு. முதல் சுற்றில் ஒவ்வொரு தாளிலும் மூன்றே விஷயத்தைப் பாருங்கள்: படிப்பு பி.எஸ்சி. நர்சிங்கா அல்லது ஜிஎன்எம்மா, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, படுக்கை வசதியுள்ள மருத்துவமனையின் வார்டிலோ ஐசியுவிலோ முழுதாக ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறாரா. மூன்றும் இருந்தால் முதல் பெட்டி. படிப்பும் பதிவும் இருந்து அனுபவம் மட்டும் குறைந்தால் இரண்டாவது. புதிதாகப் படித்து முடித்தவர்கள் இங்கேதான் வருவார்கள். படிப்போ பதிவோ இல்லையென்றால் மூன்றாவது. ஏஎன்எம் முடித்தவர்கள் உங்களுக்கு வேறு வேலைக்குத் தேவைப்படலாம், இந்தப் பெட்டிகளில் அவர்களைக் கலக்காதீர்கள்.

தாள் ஒன்றுக்கு அரை நிமிடம் போதும். 620 தாளுக்கு ஐந்தேகால் மணி நேரம் கூட ஆகாது. கையெழுத்து அழகு, போட்டோ, 'கடின உழைப்பாளி' என்று எழுதிய பத்தி எதையும் இந்தச் சுற்றில் படிக்கவே கூடாது. படித்தால் மனம் சாயும்.

ஆனால் எடுத்த எடுப்பில் 620-ஐயும் பிரிக்க வேண்டாம். அடுக்கின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்துமாக 50 தாள் எடுத்துப் பாருங்கள். மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் ஒரே கல்லூரிப் பிள்ளைகளாகவே சிக்கிவிடும். 50-இல் 27 பேர் முதல் பெட்டிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மொத்தத்தில் அது 335 பேர் வரும். போன் செய்தே ஓய்ந்துவிடுவீர்கள். அனுபவத்தை ஒன்றரை வருடமாக ஏற்றி அதே 50-ஐத் திரும்பப் பாருங்கள். 17 பேர் நின்றால் மொத்தத்தில் 211 பேர் வரும், அந்த ஒன்றரை வருடம்தான் சரியான கட்-ஆஃப். மாறாக முதல் தடவையே எட்டுப் பேர்தான் வந்தால் ஆறு மாதமாக இறக்குங்கள். இந்த ஒத்திகை முடிந்ததும் கட்-ஆஃப் எண்ணைத் தாளில் எழுதி நீங்களும் கிளார்க்கும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் மேனேஜ்மென்ட் சொன்னாலும் ஃபாதர் சொன்னாலும் அந்த எண்ணைத் தொடக் கூடாது. சிபாரிசுக் கடிதம் இருந்தால் பின்னால் குத்தி வையுங்கள், பெட்டி மாறக் கூடாது.

ஒரே ஒரு விலக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது எல்லைப் பகுதியில். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் திருவனந்தபுரத்திலும் படித்த நம் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் இருப்பது கேரள கவுன்சில் பதிவு. தமிழ்நாட்டு எண் இல்லையே என்று உங்கள் கிளார்க் மூன்றாவது பெட்டியில் போட்டுவிடுவார். அது தவறு. முதல் பெட்டியில் போடுவதும் தவறு. இரண்டாவது பெட்டியில், மேல் மூலையில் 'கே' என்று எழுதி வையுங்கள். போனில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தமிழ்நாட்டுப் பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்றா? ஆயிற்று என்றால் விண்ணப்ப ரசீதின் நகலை வாங்கிக்கொண்டு, மற்றத் தகுதி இருந்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்கள். பதிவு கைக்கு வந்த பிறகுதான் தனியாக டியூட்டி போட வேண்டும் என்பதை உத்தரவிலேயே எழுதுங்கள். விண்ணப்பிக்கவே இல்லை என்றால் இந்தச் சுற்றுக்கு அவர் உதவ மாட்டார், அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நாடு முழுக்க ஒரே இந்திய நர்சிங் கவுன்சில்தான் பாடத்திட்டம் வகுக்கிறது. களியக்காவிளையைத் தாண்டியதும் அதே ஊசி, அதே நரம்பு, ஆனால் சான்றிதழுக்கு மட்டும் இங்கேயும் அங்கேயும் அலைச்சல். இதை யார் எப்போது சரிசெய்வார்களோ! அதுவரை அந்தப் பெண்ணைக் குப்பையில் போடாமலாவது இருப்போம்.

இனி ஏஜென்ட்டுகள். இத்தனை பயோடேட்டா வந்திருந்தால் அதில் கட்டுக் கட்டாக அவர்கள் கொடுத்ததும் கண்டிப்பாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் உதவிக்குப் போன ஓர் ஆஸ்பத்திரியில் 28 தாள் ஒரே உறையில் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்துரு, முகவரி வரியில் 'டிஸ்டிரிக்ட்' என்பதில் ஒரே எழுத்துப்பிழை. இரண்டு போன் எண்கள்தான் மாறி மாறி இருந்தன. அடித்துப் பார்த்தேன். ஓர் ஆண் குரல், "எந்தப் பிள்ளை வேணும் சார்? நான் கூட்டிட்டு வாறேன்" என்றது. அதில் ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்து, முதல் மாதச் சம்பளத்தை அவருக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டதாக அழுதுகொண்டே சொன்னார். அனுபவச் சான்றிதழும் அவர் அடித்துக் கொடுத்ததுதான்.

இதைப் பிடிப்பது சுலபம். போன் எண்களை எக்செலில் B பத்தியில், எழுத்து வடிவிலேயே அடியுங்கள். +91, இடைவெளி எல்லாம் கலந்திருக்கும் என்பதால் C பத்தியில் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் பிரித்து, D-யில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்.

```
C2:  =RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
D2:  =COUNTIF(C:C,C2)
```

இரண்டையும் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டு, D-யில் 1-க்கு மேல் வந்ததையெல்லாம் தனியே எடுங்கள். அக்கா தங்கை ஒரே எண் கொடுத்திருக்கலாம், ஒருவரே இரண்டு தடவை அனுப்பியிருக்கலாம். நாலைந்து பேருக்கு ஒரே எண் என்றால் ஏஜென்ட்தான். அதற்காகப் பெண்ணைத் தள்ளாதீர்கள், தள்ள வேண்டியது அவரை. தாளில் இருக்கும் முகவரிக்குக் கடிதம் போட்டு, நேராக, சொந்த எண்ணோடு வரச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

பொய் அனுபவத்துக்குத் தேதியே சாட்சி. 2021 ஆகஸ்டில் படிப்பை முடித்தவர் 2020 ஜூனிலிருந்து ஸ்டாஃப் நர்ஸாக இருந்ததாகச் சான்றிதழ் காட்டினால் கணக்கு இடிக்கும். முதல் பெட்டியில் இருக்கும் 200 பேருக்கு மட்டும் இந்த இரண்டு தேதியையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், ஒரு பகல் வேலைதான். இடிக்கிறவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள். படிக்கும்போது பயிற்சிக்குப் போன மாதங்களை அனுபவம் என்று வெள்ளந்தியாக எழுதியவர்களும் உண்டு.

போன் செய்யும்போது முதல் பெட்டி 120 பேரை வரவழைக்காவிட்டால்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். புதியவர்களில் இரவு டியூட்டிக்குச் சம்மதிப்பவர்களை முதலில் கூப்பிடலாம். ஒன்று மட்டும்: சேர்ந்த பிறகு ஓடிவிடாமலிருக்க ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கலாம் என்று உங்களிடம் யாராவது யோசனை சொல்வார்கள். சரிபார்த்துவிட்டு அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.