குழந்தையின் கண்ணில் பீளை: சொட்டு மருந்து எப்போது தேவை, எப்படிப் போடுவது?

கேள்வி: டாக்டர், நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. சளி பிடித்த மறுநாள் வலது கண் சிவந்தது, அப்புறம் இடது கண்ணும். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பகலில் தண்ணீராக வடிகிறது. இன்று மூன்றாம் நாள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அட்டையில் மாக்ஸிஃப்ளாக்சசின், டெக்சாமெத்தசோன் என்று போட்டிருக்கிறது. போடலாமா? கிட்டே போனாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறான், எப்படிப் போடுவது?

பதில்: இந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். முதலில் எழுதியிருப்பது ஆன்டிபயாடிக், அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவதாக இருக்கும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட மறுநாளே சிவப்பு இறங்கிவிடும், "நல்ல மருந்து" என்று பெயரும் வாங்கிவிடும், கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதும் அதனால்தான். ஆனால் கண் சிவந்ததற்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் இந்த ஸ்டீராய்டு கருவிழியில் புண் பரவ வழிவிட்டுவிடும். வாரக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தமும் ஏறும். பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் இதே கதைதான். கண் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து எழுதினால் மட்டும் போடுங்கள்.

சரி, ஸ்டீராய்டு கலக்காத வெறும் ஆன்டிபயாடிக் சொட்டாவது வேண்டுமா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலையில் இமை ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து பாக்டீரியா என்று முடிவு கட்டக்கூடாது, ராத்திரி முழுக்க மூடியிருந்த கண்ணில் வைரஸ் தொற்றின் நீரும் காய்ந்து ஒட்டத்தான் செய்யும். நாளைக் காலையில் கண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மத்தியானமும் பாருங்கள். துடைக்கத் துடைக்க மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சீழ் மறுபடி ஊறினால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலெல்லாம் தண்ணீராகவே வடிகிறது, கூடவே மூக்கும் ஒழுகுகிறது, ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்கும் தாவியது என்றால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம், நம் ஊரில் மெட்ராஸ் ஐ என்று சொல்வதும் அந்த வகைதான். வைரஸை ஆன்டிபயாடிக் தொடக்கூட முடியாது, எத்தனை சொட்டு விட்டாலும் அது தன் ஒன்று இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டுதான் போகும்.

பாக்டீரியாவாகவே இருந்தாலும் சொட்டு மருந்தால் கிடைக்கும் லாபம் பெற்றோர் நினைக்கிற அளவு பெரிதில்லை. இங்கிலாந்தில் கண் தொற்று வந்த 326 குழந்தைகளில் பாதிப் பேருக்கு குளோராம்ஃபெனிகால் சொட்டும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் ஏழாம் நாள் மருந்து போட்டவர்களில் 86 சதவீதமும், போடாதவர்களில் 83 சதவீதமும் குணமாகியிருந்தார்கள். அதனால் லேசான தொற்றுக்கு இரண்டு மூன்று நாள் சுத்தம் செய்துகொண்டு பொறுத்துப் பார்ப்பது மருத்துவமே தவிர அலட்சியம் இல்லை. காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பாகத் துடையுங்கள், ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனி. கடல் தண்ணீரில் கழுவுவது, தாய்ப்பாலைப் பீய்ச்சுவது, நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவது எதுவும் வேண்டாம், மாமியார் கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

கெட்டிச் சீழ் நாள் முழுக்க வந்து மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்போது சொட்டு மருந்துக்கு அர்த்தம் உண்டு. கண்ணோடு காய்ச்சலும் சேர்ந்து குழந்தை காதைப் பிடித்து இழுத்து அழுதால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணையும் காதையும் ஒரே கிருமி பிடிக்கும் வகை ஒன்று உண்டு, அதற்குக் கண்ணில் விடும் சொட்டு காதுவரை எட்டாது, வாய்வழி மருந்துதான் வேண்டும். இன்னும் சில விஷயங்களுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது: வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்புவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, இமை வீங்கிக் கண் முன்னால் தள்ளுவது, மீன் முள்ளோ வலையோ சுண்ணாம்போ கண்ணில் பட்டிருப்பது. சுண்ணாம்பு என்றால் நல்ல தண்ணீரால் உடனே நிறையக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குச் சீழ் வந்தால் அதுவும் அவசரம்தான். இதற்கெல்லாம் மருந்துக்கடை வாசலில் நிற்காமல் நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி போடும் விதம். மருத்துவர் வெறும் மாக்ஸிஃப்ளாக்சசின் எழுதித் தந்தார் என்றே வைத்துக்கொள்வோம், வழக்கமாக ஒரு சொட்டு வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். இந்த வயதுப் பிள்ளையின் இமையை விரலால் பிரித்துப் போராட வேண்டியதே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பீளையைத் துடைத்துவிடுங்கள், பீளை இருக்கும்போது மருந்து அதன் மேலேயே தங்கிவிடும். பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் தொடைகளுக்கு நடுவிலும் கால்கள் உங்கள் பாதம் இருக்கும் பக்கமும் வருகிற மாதிரி மல்லாக்கப் படுக்க வையுங்கள். துள்ளுகிற பிள்ளை என்றால் கை இரண்டையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக்கொள்ளலாம், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தாலும் தனியாகவே சமாளித்துவிடலாம். அவன் கண்ணை இறுக மூடிக்கொள்ளட்டும். முகம் நேர்மேலே பார்த்திருக்க, மூக்கை ஒட்டிய கண் மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மூலையில் சின்னக் குளம் மாதிரி நிற்கும் மருந்து அவன் கண்ணைத் திறக்கிற நொடியில் தானாக உள்ளே ஓடிவிடும். அதற்குள் அவன் தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் உங்கள் வேலை, மேலே விசிறி சுற்றுவதைக் காட்டினாலே பல பிள்ளைகள் திறந்துவிடும்.

ஒரு சொட்டு போதும், கண்ணுக்குள் அதற்கு மேல் தங்க இடமே கிடையாது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். போட்ட பிறகு மூக்கோரத்து மூலையை விரல் நுனியால் ஒரு நிமிடம் லேசாக அழுத்தினால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குவது குறையும். அழுத்த விடாவிட்டாலும் ஆபத்தில்லை, கசப்பு பட்டு முகத்தைச் சுளிப்பான், அவ்வளவுதான். நிஜமாகவே உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் கண்ணின் உள்மூலை பளபளவென்று ஈரமாக இருக்கிறதா, கண்ணைக் கொட்டுகிறானா என்று பாருங்கள். முழுக்க வெளியே வழிந்தது கண்கூடாகத் தெரிந்தால் மட்டும் இன்னொரு சொட்டு. இரண்டு வகை மருந்து எழுதியிருந்தால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் முதலாவதை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும்.

பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ படக்கூடாது, பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய் அடுத்த வேளை திரும்பக் கண்ணுக்கே வரும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் சீழ் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றால் சொட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். திறந்த பாட்டிலில் தேதியை எழுதி வைத்து நான்கு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள், மிச்சம் இருக்கிறதே என்று அக்கா பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்க வேண்டாம்.