ஆன்லைன் மொழி வகுப்பில் மாணவர் அதிகம் பேச என்ன வழி?

"ஜெர்மன் பி1 நிலையில் படிக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் ஆசிரியரிடம் வகுப்பு. ஞாயிறன்று தமிழ் கற்கும் ஜெர்மானியர் ஒருவரோடு உரையாடல். இரண்டிலும் நான் பேசுவது குறைவாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?"

ஆசிரியரின் அனுமதியோடு ஒரு வகுப்பைப் பதிவு செய்து, நீங்கள் பேசிய நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் புதிய பாடத்தை வகுப்பிலேயே திறந்து வாசிப்பதிலும், ஒவ்வொரு பிழைக்கும் அங்கேயே இலக்கண விளக்கம் கேட்பதிலும்தான் நேரம் கரைந்திருக்கும். வாசிப்பை வகுப்புக்கு முன்னும், விளக்கத்தை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் தள்ளிவிடுங்கள்.

இரண்டு நாள் முன்பே தலைப்பை ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். வீடு மாறிய அனுபவம் தலைப்பு என்று கொள்வோம். அதை முதலில் நான்கு நிமிடம் சொல்லுங்கள். ஆசிரியர் குறுக்கிடாமல், பிழையான வாக்கியங்களை மட்டும் சாட்டில் தட்டச்சு செய்யட்டும். திருத்தத்தை அவர் எழுத வேண்டாம். 'வீடு மாறினேன்' என்பதற்கு 'இஷ் ஹாபே உம்கெட்ஸோகன்' என்று நீங்கள் சொல்லியிருந்தால், அந்த வரியைப் பார்த்து 'ஹாபே' வராது, 'பின்' வரும் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர் சரியான வடிவத்தைத் தாமே திருப்பிச் சொல்லும் முறைதான் மிகுதியாகக் கையாளப்பட்டது. மாணவர்கள் தம் பேச்சில் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அதற்குத்தான்.

திருத்திய பின் அதே கதையை மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். இது 4/3/2 எனப்படும் பயிற்சி. இதில் ஒவ்வொரு முறையும் கேட்பவர் மாற வேண்டும். உங்களிடம் இருப்பது ஓர் ஆசிரியர்தான் என்பதால், மூன்று நிமிடச் சுற்றில் அவரை வீட்டு உரிமையாளராக எண்ணிப் பேசுங்கள். இரண்டு நிமிடச் சுற்றை ஞாயிற்றுக்கிழமை நண்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கதை புதிது என்பதால் கேள்விகளும் உண்மையானவையாக இருக்கும். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் தடுமாறினால், கதையை மனப்பாடம் செய்துவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த வாரம் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்குங்கள்.

வகுப்பின் மீதி நேரத்துக்கு, கோய்த்தே பி1 வாய்மொழித் தேர்வில் வருவது போல, இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடும் பணி நன்கு பொருந்தும். குடிபுகுந்த வீட்டில் விருந்து வைப்பது என்றால் நாள், சமையல், அழைப்பு என ஒவ்வொன்றிலும் நீங்கள் யோசனை சொல்ல, அவர் மறுக்க, நீங்கள் வேறு வழி சொல்லியாக வேண்டும். புதிய இலக்கணத்தை மட்டும் இப்படிக் கற்க முடியாது. அதற்குத் தனியாகப் படிப்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைத்து முப்பது நிமிடம் ஜெர்மன், முப்பது நிமிடம் தமிழ் எனப் பிரித்து, ஒரு பாதியில் மற்ற மொழியைக் கலக்காமல் பேசுங்கள். முதல் பாதி எப்போதும் சற்று நீளும் என்பதால், எந்த மொழியில் தொடங்குவது என்பதை வாரந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள்.