கல்யாணம் முடிந்து வீடு திரும்பியதும் எவ்வளவு நேரம் தூங்கலாம்?

கேள்வி: தங்கை கல்யாணம். சனி ராத்திரி ரிசப்ஷன் முடிந்து படுக்க ஒன்றரை ஆகிவிட்டது, முகூர்த்தத்துக்காக மூன்றரைக்கே எழுந்தாயிற்று. ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் ஒரேயடியாகத் தூங்கித் தீர்த்துவிடலாமா, அளவாகத் தூங்கி எழுவதா? திங்கள் காலை ஆபீஸ். வழக்கமாகப் பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழுவேன்.

பதில்: மூன்று மணிக்குள் படுக்க முடிந்தால் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். நாலரைக்கு எழுந்துவிடுங்கள். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குப் படுங்கள். திங்கள் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுங்கள். ஏன் என்று தெரிந்தால்தான் நாலரைக்கு அலாரம் அடிக்கும்போது அதை அணைக்காமல் இருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பிறர் தூங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

நமக்குத் தூக்கம் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது; தூங்கினால் அது இறங்குகிறது. இன்னொன்று உடல் கடிகாரம். நீங்கள் எவ்வளவு விழித்திருந்தீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, தன் போக்கில் இரவு வந்ததும் தூக்கத்துக்குக் கதவைத் திறக்கும். சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெய் 1982இல் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரியாக முன்வைத்தார்; இன்றும் தூக்கத்தை விளக்க அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால்தான் படுத்ததும் தூக்கம் வரும், நிலைக்கவும் செய்யும்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருக்கிறீர்கள். பந்தி முடிந்து, பாத்திரம் எண்ணிக் கொடுத்து, மண்டபத்துக் கணக்கு முடித்து வீட்டுக்கு வர மூன்று மணி. அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. படுத்தால் இரவு ஒன்பதுக்குத்தான் விழிப்பு வரும். தூக்கம் கெட்டவர் தூங்கும்போது உடல் முதலில் ஆழ்தூக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். எங்கள் திரையிலும் அப்படித்தான்: இப்படி வருபவர் சில நிமிடங்களிலேயே ஆழ்தூக்கத்தில் விழுந்துவிடுவார். ஆக அந்த ஆறு மணி நேரத்தில் அழுத்தத்தின் பெரும்பகுதி இறங்கிவிடும். பத்தரைக்குக் கடிகாரம் கதவைத் திறக்கும்போது உள்ளே போக அழுத்தம் இருக்காது. இரண்டு மணி வரை கொட்டக்கொட்ட விழித்துவிட்டு, ஆறு மணி அலாரத்துக்கு நாலு மணி நேரத் தூக்கத்தோடு எழுவீர்கள். சனி ராத்திரியோடு முடிந்திருக்க வேண்டிய பிரச்சினை திங்கள் ராத்திரி வரை நீளும்.

இன்னொன்றும் சேர்கிறது. ரிசப்ஷன் மேடை வெளிச்சத்திலும் வீடியோ விளக்கிலும் பாதி ராத்திரி வரை நின்றிருக்கிறீர்கள். இரவில் படும் பலத்த வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். கடிகாரம் ஏற்கெனவே கொஞ்சம் தாமதமாக ஓடுகிறது, அதன்மேல் மாலை முழுக்கத் தூங்கினால் இரவு இன்னும் தள்ளிப்போகும்.

"எட்டு மணி நேரம் போச்சே, எட்டு மணி நேரமாவது திருப்பித் தூங்க வேண்டாமா?" என்று என் அத்தை கேட்பார். வேண்டாம். இழந்த மணிக்கு மணி உடல் கேட்பதில்லை. 1964இல் ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 264 மணி நேரம் விழித்திருந்தார். அதற்குப் பிறகு முதல் தூக்கம் சுமார் 14 மணி நேரம்தான். இழந்ததை உடல் ஆழத்தில் ஈடுகட்டுகிறது, நீளத்தில் ஓரளவுதான் கேட்கிறது. கனவுத் தூக்கத்தின் பாக்கி அடுத்த இரவுகளில் அடையும். அதனால் ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஏழு மணிக்கே படுத்துவிடலாம் என்று முயலாதீர்கள். வழக்கமாகப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் கடிகாரம் விழிப்பை அதிகம் தாங்கிப் பிடிக்கிறது. ஏழுக்குப் படுத்துப் புரள்வது எரிச்சலைத்தான் தரும்.

அந்தப் பகல் தூக்கம் ஏன் ஒன்றரை மணி? தோராயமாக ஒரு தூக்கச் சுற்று அவ்வளவு. நாற்பது ஐம்பது நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்தூக்கத்தின் நடுவில் எழுப்புவதாகிவிடும். உங்கள் நிலையில் ஒன்றரை மணிக்குப் பிறகும் தலை கல்லாகக் கனக்கத்தான் செய்யும். அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் அப்படி இருக்கும். அதைப் பார்த்துத் தூக்கம் போதவில்லை என்று மறுபடி படுப்பதுதான் எல்லோரும் செய்வது. அலாரத்தை அறைக்கு வெளியே வையுங்கள், எழுந்ததும் முகம் கழுவி வெயில் இருக்கும்போதே தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். வீட்டுக்கு வரவே ஐந்து ஆகிவிட்டால் ஒன்றரை மணியை மறந்துவிட்டு இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காபி அடினோசினை இறக்காது, அது உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும், ஆளுக்கு ஆள் மாறும். மண்டபத்தில் காலையில் எத்தனை டம்ளர் போனாலும் பரவாயில்லை. மத்தியானப் பந்திக்குப் பிறகு வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரே விலக்கு உண்டு: வண்டி ஓட்டுவது. மண்டபம் வெளியூரில் இருந்து நீங்களே காரை ஓட்டி வருவதாக இருந்தால் மேலே சொன்ன கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், இரவு கெட்டால் கெடட்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் விட்டிருக்கும் வரம்பே 0.03தான். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடல் கடிகாரமே ஒரு பள்ளத்தில் இறங்கும், பாயசம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள், வண்டி கோட்டைத் தாண்டுகிறது என்றால் ஏற்கெனவே விநாடிக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏசியைக் கூட்டுவதும் பாட்டை அலறவிடுவதும் உதவாது. ஓரம் கட்டி, ஒரு காபி குடித்து, உடனே இருபது நிமிடம் சாய்ந்து தூங்குங்கள். விழிக்கும் நேரத்தில் காபியும் வேலையைத் தொடங்கியிருக்கும். அதோடு நெடுந்தூரம் போகலாம் என்று நினைக்காதீர்கள், முடிந்தால் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரை இந்த ராத்திரிக் கூத்திலேயே சேர்க்காதீர்கள். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டக்கூடியது. மறுநாள் எப்படித் தூங்கினாலும் அது சரியாகாது.

அடுத்த கல்யாணத்துக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். தாலி கட்டி முடிந்து காலைப் பந்தியும் ஆன பிறகு, ஒன்பதிலிருந்து பத்தரை வரை யாரும் உங்களைத் தேடமாட்டார்கள். மண்டபத்து மாடி அறைச் சாவியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டு அப்போது தூங்கிவிட்டால், மத்தியானம் வீட்டுக்கு வந்து படுக்கவே தேவையிருக்காது.